22 வீடுகள், மாதம் 400 கேன்: குடிநீரைச் சேர்ந்து வாங்கி, மிச்சத்தைப் பிரித்த ஒரு குடியிருப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது இந்தக் குடியிருப்பு. தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளும், மாடிக்கு 6 வீடு, மொத்தம் 24 வீடுகள். லிஃப்ட் கிடையாது. போர் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், கையில் பிடிக்கும் டிடிஎஸ் மீட்டரில் 2,400க்கு மேல் காட்டுகிறது. குளிக்கவும் துவைக்கவும் அதுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும் நாளில் சம்புக்குள் விடுகிறார்கள். அது போர் தண்ணீரோடு கலந்துவிடுவதால் குடிப்பதற்கு யாரும் எடுப்பதில்லை. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன்தான்.

இரண்டு வீட்டில் சொந்தமாக ஆர்ஓ கருவி மாட்டியிருக்கிறார்கள். வீட்டு உபயோக ஆர்ஓ கருவிகள் பெரும்பாலும் 2,000 டிடிஎஸ் வரைக்கும்தான் என்று சொல்லி விற்கப்படுபவை. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வீணாக வெளியேறும் நீரும் கூடும். அதனால் மற்ற 22 வீடுகளும் அந்த வழிக்குப் போகவில்லை.

இந்த 22 வீட்டுக்கும் நான்கு வியாபாரிகள் தனித்தனியாகக் கேன் போட்டார்கள். விலை மாடிக்கு மாடி வேறு. தரைத்தளத்தில் 35 ரூபாய், முதல் மாடியில் 38, இரண்டில் 42, மூன்றில் 45. ஒரே நாளில் இரண்டு மூன்று குட்டியானை வண்டிகள் வந்து ஆளுக்கு ஐந்தாறு கேன் இறக்கிவிட்டுப் போகும். விலையைக் குறைக்க வழி இருக்கிறது என்று சங்கச் செயலாளருக்குப் பட்டது இதைப் பார்த்துத்தான். கேன் தண்ணீர் விலையில் தண்ணீருக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். வண்டியின் டீசல், ஆள் கூலி, வீட்டு வாசலில் காத்திருக்கும் நேரம், சில்லறைப் பாக்கியை வசூலிக்க வரும் நடை, இவைதான் பெரும்பகுதி. நான்கு வண்டி வரும் இடத்தில் ஒரு வண்டி வந்தால் இந்தச் செலவு குறையும்.

முதலில் எடுத்த கணக்கு

வியாபாரியிடம் பேசுவதற்கு முன், ஜனவரியில் 30 நாள் ஒரு நோட்டுப் போட்டு வீட்டுக்கு வீடு எத்தனை கேன் இறங்குகிறது என்று எழுதினார்கள். இது இல்லாமல் பேசப் போயிருந்தால், "எவ்வளவு எடுப்பீங்க?" என்ற முதல் கேள்விக்கே உறுதியான பதில் இருந்திருக்காது.

மொத்தம் 400 கேன். தரைத்தளத்தில் 5 வீட்டுக்கு 90, முதல் மாடியில் 6 வீட்டுக்கு 110, இரண்டாம் மாடியில் 6 வீட்டுக்கு 108, மூன்றாம் மாடியில் 5 வீட்டுக்கு 92. வீட்டுக்கு வீடு வித்தியாசம் பெரியது. தரைத்தளத்தில் இருக்கும் வயதான தம்பதிக்கு மாதம் 6 கேன் போதும். மூன்றாம் மாடியில் எட்டுப் பேர் இருக்கும் ஒரு வீட்டுக்கு 34 கேன். பழைய விலையில் எல்லாருமாகக் கொடுத்தது 16,006 ரூபாய்.

பேரம்

மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டார்கள். தேர்ந்தெடுத்தவர் ராமநாதபுரம் பக்கம் சொந்த பிளான்ட் வைத்திருப்பவர். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் வந்து, கேட்டுக்கு உள்ளே மொத்தமாக இறக்குவார், காலி கேனை எண்ணி எடுத்துப்போவார். மாதம் 13 நடை, நடைக்கு 30 கேன் சொச்சம். மாதம் 360 கேனுக்குக் குறையாவிட்டால் கேன் 26 ரூபாய், குறைந்தால் 29.

மாடிக்கு ஏற்றுவதையும் அவரே செய்தால் எந்த மாடிக்கும் 33 ரூபாய் என்று இன்னொரு விலையும் சொன்னார். அதை ஏற்கவில்லை. தரைத்தளத்துக்கு அதில் மிச்சம் 2 ரூபாய்தான், அந்த 5 வீடும் விலகினால் 90 கேன் போய்விடும். மீதி 310, அதாவது 360க்குக் கீழே. தண்ணீர் விலையையும் ஏற்றுகூலியையும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்று முடிவெடுத்தது இந்தக் கணக்கால்தான். வண்டியில் வரும் உதவியாளர் இறக்கிய பிறகு முக்கால் மணி நேரம் தங்கி ஏற்றித்தர ஒப்புக்கொண்டார். ஒரு மாடிக்கு 3 ரூபாய் வீதம் முதல் மாடிக்கு 3, இரண்டாவதற்கு 6, மூன்றாவதற்கு 9.

வாட்ச்மேனையே ஏற்றச் சொல்லலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒவ்வொரு நடையிலும் 24 கேன்போல மேலே போக வேண்டும், ஒவ்வொன்றும் 20 கிலோ. ஐம்பத்தெட்டு வயதுக்காரரிடம் அதைச் சம்பளத்தோடு சேர்த்துச் சுமத்துவது நியாயமில்லை, அந்த நேரம் கேட்டில் ஆளும் இருக்காது என்று செயலாளர் மறுத்துவிட்டார். சரியான முடிவு.

புதிய கணக்கில் தண்ணீருக்கு 400 × 26 = 10,400 ரூபாய். ஏற்றுகூலி முதல் மாடிக்கு 330, இரண்டாவதற்கு 648, மூன்றாவதற்கு 828, ஆக 1,806. மொத்தம் 12,206. பழைய தொகையில் கழித்தால் மாதம் 3,800 ரூபாய் மிச்சம்.

பிப்ரவரி: சமமாகப் பிரித்ததில் வந்த சிக்கல்

மிச்சத்தை எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டிப் பேசவில்லை. எல்லாரும் பழைய விலையையே சங்கத்தில் கட்டுவது, மாதக் கடைசியில் மீதியை 22 வீட்டுக்கும் சமமாகத் திருப்புவது என்று தொடங்கினார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. வீட்டுக்கு சுமார் 173 ரூபாய் வந்தது.

பில்லைக் கேன் கணக்கில் போட்டுப் பார்த்தபோதுதான் கோணல் தெரிந்தது. 6 கேன் எடுத்த தம்பதி 210 கட்டி 173 திரும்பப் பெற்றதால், அவர்களுக்குக் கேன் ஒன்று 6 ரூபாய்ச் சொச்சம்தான் விழுந்தது. 34 கேன் எடுத்த வீடு 1,530 கட்டி அதே 173ஐப் பெற்றது. அவர்களுக்குக் கேன் 40 ரூபாய். உண்மையில் மூன்றாம் மாடிக்குக் கேனைக் கொண்டுசேர்க்க ஆன செலவு 35. அந்த வீட்டு அம்மா செயலாளரிடம் நேராகவே கேட்டார்: "காக்கா, 360 கேன் சேர்றதே எங்க வீட்டு 34 கேனையும் வச்சுத்தானே? அப்ப எங்களுக்கு வரவேண்டியது ஏன் அடுத்த வீட்டுக்குப் போகுது?"

அடுத்து வந்த யோசனை, எல்லா மாடிக்கும் ஒரே விலை. 12,206ஐ 400ஆல் வகுத்தால் 30 ரூபாய் 50 காசு. இதில் மூன்றாம் மாடிக்குக் கேனுக்கு 14.50 மிச்சம், தரைத்தளத்துக்கு 4.50. படியே ஏறாத கேனுக்கு ஏற்றுகூலியில் பங்கு கொடுக்க முடியாது என்று தரைத்தளத்தார் சொன்னார்கள். மாடிவீட்டார், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிச் செலவை எல்லாரும் சமமாகத்தானே ஏற்கிறோம் என்றார்கள். இந்த ஒப்பீடு பொருந்தாது. தொட்டி எல்லாருக்கும் பொது, யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று அளக்கவும் முடியாது. கேனோ எண்ணிப் பார்க்கக் கூடியது, எந்த வாசலுக்குப் போனது என்றும் தெரியும். அளக்க முடிந்த செலவை அதை உண்டாக்கியவர் கணக்கில் எழுதுவதே முறை.

மார்ச்: டோக்கன்

கடைசியில் மிச்சத்தைப் "பிரிப்பதையே" கைவிட்டார்கள். அவரவர் கேனுக்கு உண்மையில் ஆகும் செலவை விலையாக வைத்துவிட்டால், மிச்சம் எடுக்கும் அளவுக்கேற்ப அவரவர் கையிலேயே நின்றுவிடும். தண்ணீர் 26, அதோடு மாடிக்கேற்ற ஏற்றுகூலி, அதோடு கேனுக்கு 1 ரூபாய் பொது நிதி. விலை தரைத்தளத்துக்கு 27, அடுத்து 30, 33, 36 ஆனது. பழைய விலையோடு பார்த்தால் கீழ் இரண்டு தளத்துக்கும் கேனுக்கு 8 ரூபாயும், மேல் இரண்டுக்கும் 9 ரூபாயும் மிச்சம். யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தை வாங்க டோக்கன் புத்தகம் அச்சடித்தார்கள். மாடிக்கு ஒரு நிறம், புத்தகத்துக்கு 10 டோக்கன், முன்பணம். வீட்டுக்காரர் காலி கேனை வாசலில் வைத்து, அதன் கைப்பிடியில் டோக்கனைச் செருகிவிட வேண்டும். டோக்கன் இருந்தால் நிறை கேன், இல்லாவிட்டால் காலி அப்படியே நிற்கும். பாக்கி என்ற பேச்சே இதில் எழவில்லை. வெள்ளிக்கிழமை டோக்கனை எண்ணி, 26 வீதம் வியாபாரிக்கும் நிறத்துக்கேற்ற கூலி உதவியாளருக்கும் அன்றே போய்விடும். வியாபாரி இந்த விலைக்கு ஒத்துக்கொண்டதில் வாராவாரம் கைக்குப் பணம் வருவதற்கும் பங்கு உண்டு. கணக்கெழுதும் பொறுப்பு மூன்று மாதத்துக்கு ஒரு மாடியாகச் சுற்றுகிறது.

கேன் டெபாசிட்

அதிகம் இழப்பு வந்தது தண்ணீரில் அல்ல, காலி கேனில்.

பழைய வியாபாரிகளிடம் கட்டிய டெபாசிட்டுக்குப் பெரும்பாலான வீட்டில் ரசீது இல்லை. மாறும்போது சிலருக்கு 150 ரூபாய் வரை திரும்பவில்லை. மாறப்போவதை முன்கூட்டிச் சொல்லாமல், கடைசியாக வாங்கும் மூன்று நான்கு கேனுக்குப் பணம் தராமல் "டெபாசிட்டில் கழிச்சுக்குங்க" என்று சொன்ன வீடுகளுக்கு முழுத்தொகையும் கிடைத்தது. வேறு எந்த வழியிலும் அந்தப் பணத்தை வாங்க முடியவில்லை.

புதிய வியாபாரி கேனுக்கு 150 கேட்டார். யாருக்கு எத்தனை கேன் வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு வைத்தார்கள். மாதத் தேவையை 13ஆல் வகுத்து, பின்னம் வந்தால் மேலே முழுமையாக்கி, ஒன்று கூட்டுவது. 6 கேன் வீட்டுக்கு 2, 18 கேன் வீட்டுக்கு 3, 34 கேன் வீட்டுக்கு 4. கூட்டிய அந்த ஒன்று, புயல் எச்சரிக்கையாலோ மழையாலோ வண்டி ஒரு நடை தவறினால் சமாளிக்க. ஐப்பசி கார்த்திகையில் இந்தச் சாலையில் அது நடப்பதுதான். மொத்தம் 63 கேன், 9,450 ரூபாய். டெபாசிட்டை வீட்டில் குடியிருப்பவர் பேரில் எழுதினார்கள், வீட்டு உரிமையாளர் பேரில் அல்ல. காலி செய்யும்போது கேனைத் திருப்பி எண்ணிக் கொடுத்தால் பணமும் அவருக்கே.

ஏப்ரலில் எண்ணியபோது 59தான் இருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் வைத்திருந்த காலி கேன்களை, தன் பழைய கேனைத் திரும்ப எடுக்க வந்த முந்தைய வியாபாரியின் ஆள் சேர்த்து எடுத்துப்போயிருந்தார். எல்லாமே நீலக் கேன், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வீட்டு எண்ணைக் கேனில் எழுதுவதாலும் பயனில்லை, கேன் வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கும். 600 ரூபாய் பொது நிதியிலிருந்து போனது. அதன் பின் இரண்டு விதிகள் வந்தன. காலி கேன் அவரவர் வாசலுக்கு உள்ளே இருக்க வேண்டும், வண்டி வரும் காலையில் மட்டும் வெளியே. மாதம் ஒருமுறை அடையாளம் பார்க்காமல், வீட்டுக்கு எத்தனை என்று எண்ணிக்கை மட்டும் பார்ப்பது. கேனில் மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர் எதையும் பிடிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. வாடை ஏறிய கேனை பிளான்ட்டில் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதற்கான 150 அந்த வீட்டையே சேரும்.

மே: 360 என்ற கோடு

மார்ச்சில் நோன்பு மாதம். இஃப்தாருக்கு விருந்தினர் வருவதால் தேவை கூடி 431 கேன் ஆனது. ஏப்ரலில் 385. மே மாதம் பள்ளி விடுமுறையில் ஒன்பது வீடு ஊருக்குப் போய்விட, 318க்கு இறங்கியது. வியாபாரி ஒப்பந்தப்படி 29 வீதம் போட்டார். கேனுக்கு 3 ரூபாய், மொத்தம் 954 ரூபாய் கூடுதல்.

ஊரில் இல்லாதவர்கள் கொடுக்கட்டும் என்றார்கள் சிலர். குடிக்காத தண்ணீருக்குக் காசு கேட்க முடியாது. வீட்டுக்கு இத்தனை கேன் கட்டாயம் என்று வைக்கலாம் என்றார்கள் வேறு சிலர். அப்படி வைத்தால் முதலில் அடிபடுவது அந்த 6 கேன் தம்பதி. மாதம் 20 கேன் என்று கோடு போட்டால், அவர்களுக்குத் தேவையில்லாத 14 கேனுக்கு அவர்கள் பணம் கட்ட வேண்டிவரும்.

360 என்ற கோட்டையே மாற்றிப் பேசினார்கள். வியாபாரிக்கு வேண்டியது ஆண்டு முழுக்க வண்டி நிரம்புவது, ஒரு மாதத்தின் எண்ணிக்கை அவருக்குப் பெரிதில்லை. மாதம் 360 என்பதை மூன்று மாதத்துக்கு 1,080 ஆக்கச் சொன்னார்கள். மார்ச் முதல் மே வரை மூன்றையும் கூட்டினால் 1,134. நோட்டைக் காட்டியதும் ஒப்புக்கொண்டு, 954ஐத் தள்ளுபடி செய்தார்.

இதே காலத்தில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு 20 கேனை வெள்ளிக்கிழமை நடையிலேயே எடுத்துவிட, மற்ற சில வீடுகளுக்கு அன்று கேன் இல்லாமல் போனது. இப்போது விசேஷங்களுக்கு இரண்டு நாள் முன் தனியாகச் சொல்லி, தனி டெபாசிட்டில், 29 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அது மூன்று மாத எண்ணிக்கையில் சேராது.

ஜூன்: தண்ணீரின் தரம்

மொத்த விலைக்கு வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. விலை குறைந்த வியாபாரி செலவைக் குறைக்க வழி தேடுவார், அது வெளியே தெரியாத இடத்தில் நடக்கும். அதனால் ஒவ்வொரு நடையிலும் ஒரு கேனை எடுத்து மூன்று விஷயம் பார்த்தார்கள்: மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அடைத்த தேதியும் இருக்கிறதா, டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது.

தொடக்கத்திலிருந்து 60ஐ ஒட்டியே இருந்த டிடிஎஸ், ஜூனில் ஒரு புதன்கிழமை 310 காட்டியது. இன்னும் மூன்று கேனிலும் அதுவே. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு 500 வரை என்பதால் 310 என்ற எண் தன்னளவில் பயப்பட வேண்டியதல்ல. ஆனால் அதே பிளான்ட்டில் 60 திடீரென்று 310 ஆனால், மெம்பிரேன் பழுதாகியிருக்க வேண்டும் அல்லது வடிகட்டாத தண்ணீரைக் கலக்கிறார்கள். கேட்டபோது, மெம்பிரேன் அடைத்து உற்பத்தி குறைந்ததால் பக்கவழி வால்வைத் திறந்து கலந்ததை வியாபாரி ஒத்துக்கொண்டார். அன்றைய நடையைத் திருப்பி அனுப்பினார்கள். மெம்பிரேன் மாற்றும் வரை பத்து நாள், பழைய வியாபாரி ஒருவரிடம் 32 ரூபாய்க்கு எடுத்தார்கள். நான்கு நடையில் சுமார் 120 கேன், கேனுக்கு 6 ரூபாய் கூடுதல், 720 ரூபாய். பொது நிதி அதைத் தாங்கியது, வீடுகளுக்கு டோக்கன் விலை மாறவில்லை.

டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. 60 காட்டும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம், சரியாகக் கழுவாத கேனில் அதற்கு வாய்ப்பு அதிகம். அதற்காக மாதம் ஒருமுறை எச்2எஸ் சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்து, வெளிச்சமும் ஏசியும் இல்லாத இடத்தில் வைக்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் மலக்கிருமிக் கலப்புக்கு வாய்ப்பு உண்டு என்று பொருள். கறுத்தால் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவு. இதுவரை கறுக்கவில்லை.

விளைவும், மாற்றிச் செய்ய வேண்டியவையும்

பத்து மாதத்துக்குப் பிறகு 22 வீடும் தொடர்கின்றன. சராசரி மாதத்தில் பொது நிதிக்கு 400 ரூபாய் போக, வீடுகளின் கையில் நிற்கும் மிச்சம் 3,400. 34 கேன் வீட்டுக்கு அதில் 306, தம்பதிக்கு 48. பிப்ரவரியில் 173 பெற்ற தம்பதிக்கு இது குறைவுதான். ஆனால் அந்த 173 அடுத்த வீட்டாரின் பணம் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுக்க முதலில் முன்வந்தவர்களே அவர்கள்தான்.

மறுபடி தொடங்குவதாக இருந்தால், விலை பேசும் அன்றே மூன்று மாதக் கோட்டைக் கேட்க வேண்டும். பிப்ரவரிச் சண்டை வந்ததே, பிரிக்கும் முறையைப் பணம் கைக்கு வந்த பிறகு பேசியதால்தான். ஒரு மாத நோட்டும் போதாது. பள்ளி நடக்கும் மாதம் ஒன்று, விடுமுறை மாதம் ஒன்று எனக் குறைந்தது இரண்டு மாத நோட்டு வேண்டும். ஜனவரியை மட்டும் பார்த்ததால்தான் 360 எளிதாகத் தெரிந்தது. இரண்டாவது வியாபாரியின் விலையையும் அவருடைய கேன் டெபாசிட் ஏற்பாட்டையும் முன்பே எழுதி வைத்திருந்தால் ஜூனில் ஒரு முழு நாள் அலைந்திருக்க வேண்டாம்.

ஆர்ஓ வைத்திருந்த இரண்டு வீட்டில் ஒன்று இப்போது சேரக் கேட்டிருக்கிறது. நிலையான விலைதான், நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. 3 கேனுக்கு 450 ரூபாய் டெபாசிட்டும், அவர்கள் மாடி நிறத்தில் ஒரு டோக்கன் புத்தகமும் வாங்கினால் அடுத்த திங்கள் முதல் கேன் இறங்கும்.